நாலே வாக்கியம், ஒரே வேண்டுகோள்: பேராசிரியருக்கு ஒரு பேட்டிக் கடிதம்

"இதழியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறையின் மாணவர் இதழுக்காக நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியரைப் பேட்டி எடுக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிப் பத்து நாள் ஆகிறது, பதில் இல்லை. 'நாலு வாக்கியத்தில் எழுது' என்கிறார் எங்கள் மேம். பெரியவருக்கு நாலு வாக்கியம் எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்காதா? இதில் எதை வெட்டுவது? கடிதம் கீழே:

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கங்கள். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி. சிறுவயது முதலே எனக்குச் சுற்றுச்சூழல் மீது மிகுந்த ஆர்வம் உண்டு. தங்கள் ஆய்வுக் கட்டுரைகளை, குறிப்பாகக் களிமண் பகுதியில் மழைநீர் இறங்குவது பற்றிய கட்டுரையைப் படித்து வியந்திருக்கிறேன். எங்கள் மாணவர் இதழில் சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை குறித்துச் சிறப்புக் கட்டுரை எழுதத் திட்டமிட்டுள்ளேன். அதற்காகத் தங்களை நேரிலோ, தொலைபேசியிலோ, ஜூமிலோ சந்தித்து உரையாட விரும்புகிறேன். நேரம் இல்லையெனில் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புகிறேன், எழுதித் தந்தாலும் போதும். தங்கள் கட்டுரைகளின் பிடிஎஃப் இருந்தால் அனுப்பி உதவவும். இத்துறையில் வேறு நிபுணர்கள் இருந்தால் பரிந்துரைக்கவும். தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. எப்போது வசதியோ அப்போது நான் தயார். தங்கள் மேலான பதிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்."

மரியாதைக் குறைவாக இருக்காது. தமிழில் மரியாதை 'தாங்கள்' என்ற சொல்லிலும் 'இயலுமா' என்ற முடிவிலும் இருக்கிறது. அவை இரண்டும் நாலு வாக்கியத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் எதை வெட்டுவது என்பதை முதலில் எடுத்தால் சிக்கிக்கொள்வீர்கள். உங்கள் கடிதம் நீண்டுபோனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சரிசெய்தால் கடிதம் தானாகவே சுருங்கும். பல ஆண்டுகள் ஒரு வார இதழின் அறிவியல் பக்கங்களுக்காகப் பேராசிரியர்களின் கதவைத் தட்டியவன் நான். இந்தக் கடிதத்தில் நீங்கள் செய்திருக்கும் தவறுகளில் நான் செய்யாதது ஒன்றுகூட இல்லை.

கடிதம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வகுப்பு முடிந்து, ஆய்வகத்துக்கு நடந்து போகும்போது, போனில்தான் பெரும்பாலும் திறப்பார். உங்களுடையதற்கு மேலே துறைத் தலைவரின் சுற்றறிக்கை, கீழே ஒரு ஆய்வு மாணவரின் வரைவு. உங்கள் கடிதத்தைத் திறந்ததும் அவர் தேடுவது ஒன்றுதான்: இவருக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும், அதை இப்போதே சொல்லி முடிக்க முடியுமா? முடியும் என்றால் நின்ற இடத்திலேயே பதில் தட்டிவிடுவார். முடியாது என்றால் 'சாயங்காலம் உட்கார்ந்து பதில் போடலாம்' என்று மூடிவைப்பார். அந்தச் சாயங்காலத்துக்குள் இன்னும் முப்பது கடிதம் வந்து உங்களுடையதைக் கீழே தள்ளிவிடும். பத்து நாளாகப் பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது ஒத்திப்போடப்பட்டு மறக்கப்பட்ட கடிதம்.

உங்கள் கடிதத்தை அவர் ஏன் ஒத்திப்போட வேண்டியிருக்கிறது? அதில் நாலு வேண்டுகோள் இருக்கின்றன: பேச வேண்டும், முடியாவிட்டால் எழுதித் தர வேண்டும், பிடிஎஃப் வேண்டும், வேறு நிபுணர்களின் பெயர் வேண்டும். முதல் வேண்டுகோளுக்குள்ளேயே நேர், தொலைபேசி, ஜூம் என்று மூன்று வழி. அதற்கு மேல் 'எப்போது வசதியோ அப்போது'. இதைப் பணிவு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அவருக்கு இது வேலை. எந்த வழி, எந்த நாள், எவ்வளவு நேரம், யாரைப் பரிந்துரைப்பது என்று ஐந்தாறு முடிவுகளை அவரே எடுத்தாக வேண்டும். நீங்கள் எடுத்திருக்க வேண்டிய முடிவுகள் அவை.

பல வேண்டுகோள் வைத்தால் இன்னொன்றும் நடக்கும். இருப்பதில் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும். எனக்கே நடந்தது. ஏரிகளின் வண்டல் பற்றி ஒரு பேராசிரியரிடம் பேச வேண்டியிருந்தது. ஒரு பக்கக் கடிதம் எழுதி, கடைசி வரியில் 'தங்கள் கட்டுரையின் பிரதி கிடைத்தால் உதவியாக இருக்கும்' என்று சேர்த்துவிட்டேன். அன்று மாலையே பதில் வந்தது. கட்டுரையை இணைத்து, 'வாழ்த்துகள்' என்று ஒரே சொல் எழுதியிருந்தார். அவர் என் வேண்டுகோளை நிறைவேற்றிவிட்டார். பேட்டிக்காகத் திரும்பவும் எழுத எனக்குக் கூச்சமாகிவிட்டது, பக்கம் அச்சுக்கும் போய்விட்டது. அந்தக் கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் அவர் பேட்டிக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்க வேண்டும்.

சரி, நாலில் எதை வைத்துக்கொள்வது? தொலைபேசியில் 20 நிமிடம். மற்ற மூன்றும் போகட்டும். பிடிஎஃப்-ஐ உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்கலாம். வேறு நிபுணர்களின் பெயரைப் பேட்டியின் கடைசி நிமிடத்தில் வாயால் கேட்டால் மூன்று பெயர் கிடைக்கும், கடிதத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. எழுத்துப் பேட்டியை நிறையப் பேர் அவருக்குச் சுலபம் என்று நினைக்கிறார்கள். உண்மை நேரெதிர். பேசினால் இருபது நிமிடத்தில் முடிவது, எழுதினால் ஒரு மாலைப் பொழுதைத் தின்னும், ஏனென்றால் தன் பெயரில் எழுத்தில் போகும் எதையும் ஒரு ஆய்வாளர் நாலு முறை திருத்துவார். உங்களுக்கும் அது நல்லதில்லை. பேச்சில் வரும் 'அட, அது அப்படி இல்லம்மா' என்ற இடம் எழுத்துப் பதிலில் வரவே வராது. அவரே 'கேள்விகளை மெயில் பண்ணுங்க' என்று சொன்னால் அப்போது மூன்று கேள்வி மட்டும் அனுப்புங்கள். நீங்களாக அந்த வழியைத் திறந்துவிட வேண்டாம்.

20 நிமிடம் என்பதும் யோசித்துச் சொல்லும் அளவுதான். பத்து என்றால் அறிமுகம் முடியும்போதே நேரம் முடிந்துவிடும், அவருக்கும் அது தெரியும். ஒரு மணி நேரம் என்றால் நாள்குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும், அதாவது மறுபடியும் 'சாயங்காலம் பார்க்கலாம்'. இருபது நிமிடம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே அடங்கும். பேச்சு சூடு பிடித்தால் அவரே நீட்டிப்பார். ஆனால் இருபதாவது நிமிடம் 'ஐயா, நேரம் ஆகிவிட்டது, தொடரலாமா?' என்று நீங்கள் கேட்க வேண்டும்.

இனி கடினமான பகுதிக்கு வருகிறேன். உங்கள் கடிதம் நீளமாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம், அதில் கேள்வியே இல்லாததுதான். 'சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை' ஒரு தலைப்பு. அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கேள்வி கையில் இல்லாதபோது அந்த இடத்தை ஆர்வம், வியப்பு, பணிவு என்று நிரப்புகிறோம். அதனால் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கேள்வியைத் தேடலாம்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-ல். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வறண்டன. சென்னையின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணறும் கைவிட்டது, லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி வருகிறது: 16 ஆண்டு மழைநீர் சேகரித்தும் 2019-ல் ஏன் அந்த நிலை? நல்ல கேள்வி, ஆனால் இவருக்கான கேள்வி இல்லை. பருவமழை பொய்த்ததும் ஏரிகளின் கொள்ளளவும் இதில் வந்துவிடும். அவற்றை வானிலை ஆய்வாளரிடமும் குடிநீர் வாரியத்திலும் கேட்பதுதான் முறை. பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலை அவர் தொலைக்காட்சியில் பத்து முறை சொல்லியிருப்பார்.

இந்தப் பேராசிரியர் மட்டுமே சொல்லக்கூடியது எது என்று பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு நூல் தொங்குகிறது: களிமண்ணில் மழைநீர் இறங்குவது பற்றிய அவருடைய கட்டுரை. சென்னைக்கு அடியில் ஒரே மண் இல்லை. திருவான்மியூர், அடையாறு, கொட்டிவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகள் மணல், மழை விழுந்ததும் கீழே இறங்கிவிடும். தி. நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர் எல்லாம் களிமண், நீர் மெதுவாகத்தான் இறங்கும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. அப்படியானால் தி. நகர் வீட்டில் தோண்டிய குழியும் திருவான்மியூர் வீட்டில் தோண்டிய அதே அளவுக் குழியும் ஒரே பலனைத் தருமா, இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும்? இதுதான் கேள்வி. இதைப் படித்ததும் அவர் மனதில் பதில் ஓட ஆரம்பித்துவிடும். வாசலில் குழி வைத்திருக்கும் உங்கள் வாசகருக்கும் இது நேரடியாகத் தேவைப்படும். உங்கள் கட்டுரையும் 'தண்ணீர்ப் பிரச்சினை' என்ற கடலிலிருந்து கரையேறிவிட்டது.

கேள்வி சரியா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. தேடினால் பத்து நிமிடத்தில் கிடைக்கும் விவரத்தை ஒரு பேராசிரியரிடம் கேட்கக் கூடாது. சென்னையின் ஆண்டு மழை எவ்வளவு, சட்டம் எப்போது வந்தது என்பதெல்லாம் அந்த வகை. 'ஏன்', 'எப்படி', 'இந்த இடத்திலும் அது பொருந்துமா' என்று முடியும் கேள்விகளுக்குத்தான் அவர் தேவை.

இப்போது உங்கள் பதின்மூன்று வாக்கியங்களுக்குத் திரும்புவோம். குடும்பத்தார் நலம், சிறுவயது ஆர்வம், பொன்னான நேரம், ஆவலுடன் எதிர்நோக்குவது ஆகிய நான்கையும் முதலில் எடுத்துவிடலாம். அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றி எந்தப் பேராசிரியருக்கும், ஏன், ஒரு வங்கி மேலாளருக்கும்கூட அதே வரிகளை அனுப்பலாம். 'பொன்னான நேரத்தை வீணாக்க விரும்பவில்லை' என்பதை நீங்கள் எழுதியே காட்ட வேண்டியதில்லை, குட்டிக் கடிதம் அதைச் செய்துவிடுகிறது. அப்புறம், 'படித்து வியந்திருக்கிறேன்' என்பதில் வியப்பை எடுத்துவிட்டுக் கட்டுரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வியப்பு புதிதில்லை. தன் கட்டுரையை ஒருவர் உண்மையிலேயே படித்து, அதிலிருந்து ஒரு கேள்வியோடு வந்திருக்கிறார் என்பதுதான் புதிது. வெட்டும்போது இந்த ஒன்றை மட்டும் இழந்துவிடாதீர்கள். இதையும் வெட்டினால் கடிதம் ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய சுற்றறிக்கை போல ஆகிவிடும். அளவுக்கு மீறிச் சுருக்கிய கடிதங்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

நீங்கள் யார் என்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். அதிலும் ஆண்டு, பட்டம், வழிகாட்டும் ஆசிரியரின் பெயர் எல்லாம் கையெழுத்துக்குக் கீழே போகலாம். கையெழுத்துப் பகுதியை யாரும் வாக்கியமாக எண்ணமாட்டார்கள், சந்தேகம் இருந்தால் மட்டும் பார்ப்பார்கள். வாக்கியத்தில் வர வேண்டியது, பேசுவது எங்கே, எப்போது வெளியாகும் என்பது. தான் சொல்வதை யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாமல் ஒரு ஆய்வாளர் வாய் திறக்கத் தயங்குவார்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். சுருக்கச் சொல்லிவிட்டுச் சேர்க்கவும் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். பேட்டி என்றாலே பேராசிரியர்களுக்கு ஒரு பயம் உண்டு: தான் சொன்னது திரிந்து வரும். 'சில இடங்களில், சில நிபந்தனைகளில்' என்று கவனமாகச் சொன்னது, அச்சில் 'மழைநீர் சேகரிப்பு வீண்: பேராசிரியர்' என்று வந்துவிடும். ஒருமுறை பட்டவர் அடுத்த பத்து வேண்டுகோளைத் திறந்தும் பார்க்கமாட்டார். அவர் சொன்னதாக வரும் வரிகளை வெளியிடும் முன் அவருக்கு அனுப்பிச் சரிபார்ப்பேன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். முழுக் கட்டுரையையும் அனுப்புவதாகச் சொல்ல வேண்டாம், அது ஆசிரியர் குழுவின் பொறுப்பு. அவருடைய வரிகள் மட்டும். உங்கள் இதழில் இதற்கு அனுமதி உண்டா என்று முன்பே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதிவிட்டுப் பின்வாங்கக் கூடாது.

கடைசியாக வேண்டுகோள். அதை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், படித்து முடிக்கும்போது கண் நிற்கும் இடம் அதுதான், விரல் போவது அடுத்து பதில் பொத்தானுக்கு. அவருடைய பதில் ஒரே சொல்லாக இருக்கும்படி அந்த வாக்கியம் அமைய வேண்டும். இரண்டு நாள் கொடுத்தால் 'வியாழன்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடலாம். ஐந்து நாள் கொடுத்தால் மறுபடியும் நாள்குறிப்பைப் பார்க்க வேண்டும். ஒரே நாள் கொடுத்தால் அது கட்டளை மாதிரி இருக்கும்.

இத்தனையும் சேர்த்தால் வருவது இது:

பொருள்: 20 நிமிடப் பேட்டி, மார்ச் 11 அல்லது 12: சென்னை மண்ணும் மழைநீர்க் குழியும்

மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு வணக்கம்.

எங்கள் இதழியல் துறையின் மாணவர் இதழில் ஏப்ரல் மாதம் வெளிவரும் கட்டுரைக்காகச் சென்னை வீடுகளின் மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதுகிறேன். களிமண்ணில் மழைநீர் இறங்குவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தபோது எழுந்த கேள்வி இது: தி. நகரிலும் திருவான்மியூரிலும் ஒரே அளவுக் குழி ஒரே பலனைத் தருமா, இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும்? தாங்கள் சொன்னதாக வரும் வரிகளை வெளியாகும் முன் தங்களுக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வேன். இது குறித்துத் தொலைபேசியில் 20 நிமிடம் பேச, மார்ச் 11 புதன் அல்லது 12 வியாழன் மாலை 4 மணிக்கு மேல் தங்களுக்கு இயலுமா?

பணிவன்புடன்,
(பெயர், இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு, கல்லூரி, வழிகாட்டும் ஆசிரியர், தொலைபேசி எண்)

நாலு வாக்கியம். இதைப் படிக்க அரை நிமிடம் போதும். இதில் 'தாங்கள்', 'தங்கள்' என்று தொடங்கியதைக் கடைசிவரை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். நடுவில் ஒரு 'உங்கள்' நுழைந்தால்தான் மரியாதை குறைந்தது போலத் தெரியும்.

தமிழில் எழுதும்போது நாலு வாக்கியம் என்ற கணக்கில் ஒரு பொறி உண்டு. நம் மொழியில் 'படித்து', 'அறிந்து', 'என்பதால்', 'எனவும்' என்று கோத்துக்கொண்டே போகலாம், முற்றுப்புள்ளி வைக்காமல் ஒரு பக்கத்தையே ஒரு வாக்கியமாக்கலாம். என்னிடம் காட்டப்பட்ட ஒரு 'நாலு வாக்கிய' கடிதத்தில் முதல் வாக்கியத்திலேயே மூன்று 'என்பதாலும்' இருந்தன. அதோடு நம் வினைச்சொல் கடைசியில் வருவது. 'இயலுமா' என்ற சொல் வரும்வரை படிப்பவருக்கு இது வேண்டுகோளா தகவலா என்றே தெரியாது. ஆகவே வேண்டுகோள் வாக்கியத்தை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் அங்கே இரண்டு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இதே நாலும் இதே வரிசையும்தான்.

பொருள் வரியையும் அவசரமாக எழுதிவிடாதீர்கள். போன் திரையில் அதன் முதல் சில சொற்கள்தான் தெரியும். 'ஒரு பணிவான வேண்டுகோள்' என்று இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. '20 நிமிடப் பேட்டி' என்று இருந்தால் திறப்பதற்கு முன்பே பாதி முடிவு எடுத்திருப்பார்.

இதைப் பழைய கடிதத்துக்குப் பதிலாகத் தொடுக்காமல் புதிதாக அனுப்புங்கள். 'ஏற்கெனவே எழுதினேன், பதில் வரவில்லை' என்ற வரி வேண்டாம். அது அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். அனுப்புவதற்கு முன் இன்னும் இரண்டு துணைக் கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போதே கூப்பிடுங்கள்' என்று பதில் வரும் வாய்ப்பு உண்டு, நாலு வாக்கியக் கடிதத்துக்கு அது அடிக்கடி நடக்கும். ஒலிப்பதிவு செய்யலாமா என்பதைக் கடிதத்தில் கேட்காமல், பேச ஆரம்பிக்கும்போது முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மார்ச் 3 செவ்வாய்க்கிழமை அனுப்பினால், 9-ம் தேதி திங்கள்வரை காத்திருங்கள். பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் மேலேயே ஒரு வரி போதும்: 'ஐயா, புதன் அல்லது வியாழன் மாலை 20 நிமிடம் பேச இயலுமா என்று அறிய விரும்புகிறேன்.' அதற்கும் பதில் இல்லையென்றால் துறை அலுவலகத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, பேராசிரியர் ஊரில் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். களப்பணியிலோ விடைத்தாள் திருத்தும் முகாமிலோ இருந்தால் அங்கே சொல்லிவிடுவார்கள். யாரிடமிருந்தோ எண் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது மட்டும் வேண்டாம், அவர் தராத எண் அது.

அதோடு அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். அப்போது முதல், மூன்றாம், நான்காம் வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தேதியை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவதை மட்டும் அடியிலிருந்து எழுத வேண்டும். அடுத்தவர் பாறைப் பகுதி நிலத்தடி நீரைப் பற்றி எழுதியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, வேளச்சேரி வீட்டுக்காரர் தன் குழியில் விழும் நீர் எங்கே போகிறது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதிலிருந்து தொடங்குங்கள்.